கண்ணயர்ந்த நேரத்துக்கு யார் பொறுப்பு?

2007 டிசம்பர் 7, மாலை சுமார் ஐந்து மணி. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், நாகோயாவை அடுத்த ஓபு நகரில், 91 வயது முதியவர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே போனார். கையில் காசு கிடையாது. மறதிநோய் முற்றியிருந்த அவர் எப்படியோ ரயில் ஏறி, அடுத்த நிலையமான கியோவாவில் இறங்கினார். நடைமேடையின் கோடியில் தண்டவாளத்துக்கு இறங்கும் படிக்கட்டும் அதற்கு ஒரு கதவும் இருந்தன. கதவு பூட்டப்படவில்லை. சிறுநீர் கழிக்க இடம் தேடிப் போயிருக்கலாம் என்று பின்னர் ஊகித்தார்கள். 5.47 மணிக்கு வந்த ரயில் மோதி அங்கேயே இறந்தார்.

பயணிகள் யாருக்கும் காயமில்லை. இருபது ரயில்கள் தாமதமாயின, சில இரண்டு மணி நேரம் வரை. பயணிகளை வேறு நிறுவனத்தின் ரயில்களில் ஏற்றி அனுப்ப நேர்ந்தது. அந்தச் செலவுதான் பெரும் செலவு. எல்லாம் சேர்த்துச் சுமார் 72 லட்சம் யென் நட்டம் என்று கணக்கிட்ட ஜே.ஆர். டோக்காய் ரயில் நிறுவனம், அதைத் தரும்படி இறந்தவரின் மனைவி மீதும் நான்கு பிள்ளைகள் மீதும் 2010இல் வழக்குத் தொடர்ந்தது.

ஒரே சம்பவத்துக்கு மூன்று நீதிமன்றங்கள் மூன்று விடை சொன்னன. மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையையும் கட்டவேண்டும் என்றது. உயர் நீதிமன்றம் மகனை விட்டுவிட்டு மனைவி பாதியைக் கட்டட்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 1 அன்று, யாரும் எதுவும் கட்டவேண்டியதில்லை என்று தீர்த்தது. மறதிநோயோ கடுமையான மனநோயோ உள்ளவரால் பிறருக்கு நட்டம் நேரும்போது அதை யார் தாங்குவது என்ற கேள்விக்கு உலகில் எத்தனையோ வழக்குகள் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தின் அன்றாடத்தை இவ்வளவு நுணுக்கமாக எடைபோட்ட வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் அந்த வீட்டைப் பார்த்துவிடலாம். முதியவர் வீடு, மனை வாங்கி விற்கும் தரகுத் தொழில் செய்தவர். வீட்டின் ஒரு பகுதியே அவருடைய அலுவலகம். 2000ஆம் ஆண்டு வாக்கில் நோயின் அறிகுறிகள் தெரிந்தன. மூத்த மகனுக்கு டோக்கியோவில் வேலை, யோக்கோஹாமாவில் வீடு. குடும்பம் கூடிப் பேசி, மகனின் மனைவி மட்டும் ஓபுவுக்குக் குடிபெயர்ந்து மாமனாரைக் கவனித்துக்கொள்வது என்று முடிவுசெய்தார்கள். அதாவது, அந்தத் தம்பதி பராமரிப்புக்காகவே பிரிந்து வாழத் தொடங்கினார்கள். மகன் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வார இறுதியில் வந்து போனார்.

முதியவரின் மனைவிக்கு அப்போது 85 வயது. இரு கால்களும் தளர்ந்து, அவருக்கே பராமரிப்பு தேவை என்று அரசு சான்று கொடுத்திருந்தது. கணவரோ ஐந்து படிகள் கொண்ட பராமரிப்பு அளவுகோலில் நான்காம் படியில் இருந்தார். அதற்கு முன்பே இருமுறை தனியே வெளியே போய்த் தொலைந்திருந்தார். அதன்பின் குடும்பம் செய்தவை தீர்ப்பில் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கின்றன. அவருடைய மேற்சட்டையிலும் தொப்பியிலும் தொலைபேசி எண் எழுதிய துணியைத் தைத்துவைத்தார்கள். வீட்டு வாசலில் யாராவது கடந்தால் மனைவியின் தலைமாட்டில் மணி ஒலிக்கும்படி ஒரு சென்சார் பொருத்தினார்கள். வெளிக்கதவைப் பூட்டியும் பார்த்தார்கள். அவர் ஆத்திரத்தோடு கதவைப் பிடித்து உலுக்கியதால், ஆபத்து என்று அதை விட்டுவிட்டார்கள். பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு வாரத்தில் ஆறு நாள் அனுப்பினார்கள். நிரந்தர இல்லத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தபோது, இடம் மாறினால் குழப்பம் கூடும், காத்திருப்புப் பட்டியலும் நீளம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

சம்பவத்தன்று முதியவர் மையத்திலிருந்து நாலரை மணிக்குத் திரும்பினார். மூவரும் தேநீர் குடித்தார்கள். அவர் ஓர் அட்டைப்பெட்டியில் சிறுநீர் கழித்துவிட, அதைச் சுத்தம்செய்ய மருமகள் வெளியே போனார். மனைவி உட்கார்ந்த இடத்திலேயே சற்றுக் கண்ணயர்ந்தார். அந்தச் சில நிமிடங்களில் முதியவர் அலுவலக வாசல் வழியாக வெளியேறினார். அந்த வாசலிலும் ஒரு சென்சார் இருந்தது. தொழில் நடந்த காலத்தில் வாடிக்கையாளர் வருகையை அறிவிக்க வைத்தது அது. அன்று அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

இனி சட்டம். 1896இல் இயற்றப்பட்ட ஜப்பானிய உரிமையியல் சட்டத்தொகுப்பு இந்தக் கேள்வியை இரண்டு படிகளாக அணுகுகிறது. தன் செயலின் பொருள் புரியாத அளவுக்கு மனநிலை பாதிக்கப்பட்டவர் ஏற்படுத்தும் நட்டத்துக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 713ஆம் பிரிவு. அப்படிப் பொறுப்பில்லாமல் போகும்போது அவரைக் கண்காணிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர் பொறுப்பு என்கிறது 714ஆம் பிரிவு. கண்காணிப்பில் தான் தவறவில்லை என்றோ, தவறாமல் இருந்திருந்தாலும் நட்டம் நேர்ந்திருக்கும் என்றோ அந்த நபர் நிரூபித்தால் தப்பிக்கலாம். நிரூபிக்கும் சுமை அவர்மேல்தான்.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். நட்டம் நேரும்போது நோயாளியின் சொத்தைத் தொட முடியாது. ஓபு முதியவர் வறியவர் அல்லர். ஆனாலும் 713ஆம் பிரிவின்படி அவர் மீது பொறுப்பே எழாததால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழியில்லை. பாதிக்கப்பட்டவர் தேடிப்போகக்கூடிய ஒரே ஆள் ‘கண்காணிக்க வேண்டியவர்’. ஜெர்மானியச் சட்டத்திலும் ஏறத்தாழ இதே இரு படிகள் உண்டு. ஆனால் அங்கே மூன்றாவதாக ஒரு பிரிவும் உண்டு. கண்காணிப்பாளரிடமிருந்து இழப்பீடு கிடைக்காதபோது, இரு தரப்பின் பொருளாதார நிலையைப் பார்த்து, நியாயம் கோருமானால் நோயாளியின் சொத்திலிருந்தே ஒரு தொகை தரச் சொல்லலாம். ஜப்பான் இந்தப் பிரிவை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் ஓபு வழக்கு மனைவியின் உறக்கத்தைப் பற்றியதாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

குடும்பத்தின் மேல் இந்தச் சுமை ஏறியதற்கு உரிமையியல் சட்டம் மட்டும் காரணமல்ல. 1900இல் ஜப்பான் மனநோயாளர்களுக்கென்று இயற்றிய முதல் தேசியச் சட்டம், நோயாளியை அடைத்துவைத்துக் காக்கும் கடமையைக் குடும்பத்திடம் ஒப்படைத்தது. அரசு அதிகாரிகளின் அனுமதியோடு வீட்டிலேயே ஒரு கூண்டறை கட்டி அடைத்துவைக்கலாம். குரே ஷூசோ என்ற மனநல மருத்துவர் தம் உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பி, அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான அறைகளை ஆராய்ந்து 1918இல் வெளியிட்ட அறிக்கை ஜப்பானிய மருத்துவ வரலாற்றில் பெயர்பெற்றது. வீட்டுச் சிறையை 1950இல் ஒழித்தார்கள். ஆனால் அந்த ஆண்டு வந்த புதிய சட்டமும், நோயாளி தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாதபடி கண்காணிக்கும் கடமையைக் குடும்பத்தில் ஒருவருக்கு விதித்தது. அந்த ஒரு வரிதான் அரை நூற்றாண்டு காலம் 714ஆம் பிரிவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது. 1999 திருத்தத்தில் அதை நீக்கினார்கள். அந்தப் பொறுப்பாளர் பதவியையே 2013 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

ஓபு வழக்கு வந்தபோது நிலைமை இதுதான்: கண்காணிப்பாளர் பொறுப்பு என்று 714ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வயது வந்த நோயாளியின் கண்காணிப்பாளர் யார் என்று சொல்லும் சட்டம் இல்லை. அந்த வெற்றிடத்தை மூன்று நீதிமன்றங்களும் மூன்று விதமாக நிரப்பின.

நாகோயா மாவட்ட நீதிமன்றம் 2013 ஆகஸ்ட் 9 அன்று தந்த தீர்ப்பில், தந்தையின் பராமரிப்பு பற்றி முடிவெடுத்து நடத்தியவர் மூத்த மகன்தான் என்பதால் அவரே நடைமுறையில் கண்காணிப்பாளர் என்றது. தந்தைக்குப் பணவசதி இருந்தபோது தனியார் உதவியாளரை அமர்த்தியிருக்கலாமே என்றும் கேட்டது. மனைவியை வேறு வழியில் பிடித்தது: கண்ணை எடுக்கக் கூடாத நேரத்தில் கண்ணயர்ந்தது அவருடைய சொந்தக் கவனக்குறைவு. மற்ற பிள்ளைகள் பராமரிப்பில் அவ்வளவாகக் கலந்துகொள்ளாததால் அவர்களுக்குப் பொறுப்பில்லை.

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. தூர இருந்தவர்கள் தப்பினார்கள். பொறுப்பெடுத்து முடிவு செய்தவர் மாட்டிக்கொண்டார். இப்படி ஒரு தீர்ப்பு நிலைத்திருந்தால், வயதான பெற்றோரின் பராமரிப்பைப் பற்றிப் பேசக் குடும்பம் கூடும்போது, வாய் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒவ்வொரு பிள்ளையும் கணக்குப் போட்டிருப்பார்கள். மறதிநோயாளர் குடும்பங்களின் சங்கம் இந்தத் தீர்ப்பைக் கடுமையாக எதிர்த்தது. ஒரு நொடியும் கண்ணயராமல் ஒருவரைப் பார்த்துக்கொள்வது எந்த மனிதராலும் ஆகாது, பூட்டிவைத்தால்தான் ஆகும் என்பது பராமரிப்பவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை. மாவட்ட நீதிமன்றத்தின் தர்க்கத்தைக் கடைசிவரை இழுத்துச் சென்றால் அது 1900இன் கூண்டறையில் போய் நிற்கிறது.

2014 ஏப்ரல் 24 அன்று நாகோயா உயர் நீதிமன்றம் மகனை விடுவித்தது. ஆனால் கணவன் மனைவி சேர்ந்து வாழவும் ஒத்துழைக்கவும் உதவவும் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லும் 752ஆம் பிரிவைக் காட்டி, சேர்ந்து வாழும் மனைவி சட்டப்படியே கண்காணிப்பாளர் என்றது. அலுவலக வாசல் சென்சாரை இயக்கிவைக்காதது கண்காணிப்பில் குறை. இருந்தாலும் குடும்பம் எடுத்த முயற்சிகளையும், நிலையத்தில் பயணிகளைக் கவனிக்க ஆளிருந்து நடைமேடைக் கதவும் பூட்டியிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பதையும் எண்ணித் தொகையைப் பாதியாகக் குறைத்தது. சுமார் 36 லட்சம் யென். கட்ட வேண்டியவர், தாமே பராமரிப்பில் இருக்கும் ஒரு மூதாட்டி.

உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு வழக்கைக் கேட்டது. முந்தைய ஆண்டிலேயே 714ஆம் பிரிவு இளகத் தொடங்கியிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளி மைதானத்தில் 11 வயதுச் சிறுவன் உதைத்த பந்து சாலைக்கு வந்து, அதைத் தவிர்க்கப்போய், மோட்டார் சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் விழுந்து, படுத்த படுக்கையாகிப் பின்னர் இறந்த வழக்கு அது. கோலை நோக்கிப் பந்து உதைப்பது பொதுவாக ஆபத்தான செயல் அல்ல, பெற்றோர் வழக்கமான வளர்ப்பில் குறைவைக்கவில்லை, எனவே பொறுப்பில்லை என்று 2015 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தீர்த்தது. அதற்கு முன் இத்தகைய வழக்குகளில் பெற்றோர் தப்பியது மிக அரிது.

ஓபு தீர்ப்பின் முதல் பாதி தெளிவானது. கணவன் மனைவிக்கிடையேயான உதவிக் கடமை அவர்கள் ஒருவருக்கொருவர் பட்ட கடமை. மூன்றாமவருக்காக ஒருவர் மற்றவரைக் காவல்காக்கும் கடமை அதில் இல்லை. நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலரின் கடமைகூடச் சொத்தையும் நலனையும் கவனிப்பதுதான், அன்றாடம் கூடவே இருந்து கண்காணிப்பதல்ல. எனவே மனைவி என்பதாலோ மகன் என்பதாலோ பாதுகாவலர் என்பதாலோ மட்டும் ஒருவர் கண்காணிப்பாளர் ஆகிவிட மாட்டார்.

இரண்டாம் பாதி அவ்வளவு தெளிவானதல்ல. சட்டப்படி கண்காணிப்பாளர் இல்லை என்றாலும், நோயாளியோடு உள்ள உறவையும் அன்றாடத் தொடர்பையும் பார்க்கும்போது, அவர் பிறருக்குத் தீங்கு செய்யாதபடி காக்கும் பொறுப்பை ஒருவர் தாமே ஏற்றுக்கொண்டார் என்று சொல்லத்தக்க சிறப்புச் சூழ்நிலை இருந்தால், அவரைக் கண்காணிப்பாளருக்கு நிகரானவராகக் கருதலாம் என்றது நீதிமன்றம். அதை முடிவுசெய்யப் பார்க்க வேண்டியவை: அவருடைய உடல்நிலை, மனநிலை, வாழ்க்கைச் சூழல், நோயாளியோடு என்ன உறவு, எவ்வளவு நெருக்கம், சேர்ந்து வாழ்கிறாரா, சொத்து நிர்வாகத்தில் கைவைத்திருக்கிறாரா, நோயாளிக்கு அன்றாடம் என்ன சிக்கல்கள் வருகின்றன, அவற்றுக்கேற்ற பராமரிப்பு எப்படி நடக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட வேண்டும்.

இந்த அளவுகோலை ஓபு குடும்பத்தின் மேல் வைத்தபோது விடை எளிதாக வந்தது. மனைவி தாமே நடக்கச் சிரமப்பட்டு, மருமகளின் துணையோடு கணவரைக் கவனித்தவர். 91 வயதுக்காரரைத் தடுத்து நிறுத்த அவரால் முடியாது. மகன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேறிடத்தில் வாழ்ந்து, மாதத்தில் சில நாள் வந்து போனவர். இருவரும் கண்காணிப்பாளருக்கு நிகரானவர்கள் அல்லர். ஐந்து நீதிபதிகளுள் ஒகாபே கியோக்கோவும் ஒத்தானி தகெஹிக்கோவும் மட்டும் மகனைப் பற்றி மாறுபட்டார்கள். பராமரிப்பை நடத்தியவர் என்ற முறையில் அவர் நிகரானவர்தான், ஆனால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார் என்பது அவர்கள் கருத்து. முடிவில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். அப்போது மனைவிக்கு 93 வயது.

தீர்ப்பு வந்த நாளில் ஜப்பான் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நானும் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அளவுகோலை இன்னொரு வீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஐம்பது வயது மகள். திருமணமாகவில்லை, உடல்நலம் திடம். வேலையை விட்டுவிட்டு, நோயுற்ற தந்தையோடு ஒரே வீட்டில் வாழ்கிறார். அவருடைய வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். தந்தை இரண்டு மூன்று முறை வெளியே போய்விட்டதால் வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். நீதிமன்றம் அடுக்கிய அத்தனை அம்சங்களும் அவருக்குப் பாதகமாகவே விழும். ஓபு மனைவி தப்பியது அவர் பலவீனமானவர் என்பதால், மகன் தப்பியது தூர இருந்தவர் என்பதால். வலுவோடு பக்கத்தில் இருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு எந்த உத்தரவாதமும் தரவில்லை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பில் உறுத்திய அதே குறை மென்மையான வடிவில் இதிலும் தங்கிவிட்டது. எவ்வளவு அதிகம் தாங்குகிறோமோ, அவ்வளவு பொறுப்புக்கு அருகில் போகிறோம்.

இன்னொரு புறமும் இருக்கிறது. இந்த வழக்கில் நட்டப்பட்டது பெரிய ரயில் நிறுவனம். 72 லட்சம் யென் அதை அசைக்காது. அதனால் குடும்பத்தின் பக்கம் நிற்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அந்த முதியவர் தண்டவாளத்துக்குப் போகாமல் அடுப்பை அணைக்க மறந்து பக்கத்து வீடும் எரிந்திருந்தால்? ஒரு சிறுமியைச் சாலையில் தள்ளிவிட்டிருந்தால்? நோயாளி பொறுப்பில்லை, குடும்பம் பொறுப்பில்லை என்றால், அந்தச் சிறுமியின் மருத்துவச் செலவு முழுவதும் அவளுடைய பெற்றோர் தலையில் விழும். நட்டம் மறைந்துபோவதில்லை, அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். 65 வயதுக்கு மேற்பட்டோரில் 46 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று 2012க்கான அரசு மதிப்பீடு சொன்ன நாட்டில், மறதிநோயோடு காணாமல் போனதாக 2023ஆம் ஆண்டில் மட்டும் காவல்துறைக்கு 19,039 புகார்கள் வந்த நாட்டில், இது எங்கோ ஒரு வீட்டின் கதை அல்ல.

ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபு இதே கேள்விக்கு எதிர்ப்புறமாக விடை சொல்கிறது. அங்கே மனநிலை பாதிக்கப்பட்டவர் தாமே பொறுப்பு. கலிபோர்னியாவின் உரிமையியல் சட்டத்தில் 41ஆம் பிரிவாகவே இது எழுதப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில், தன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீவைத்துக்கொண்ட மனச்சிதைவு நோயாளியைக் காப்பாற்றப் போய்த் தீக்காயமடைந்த உறவினர் தொடுத்த வழக்கில், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நோயாளியின் பக்கம் பொறுப்பு உண்டு என்றது. நோய் அவருடைய செயலை முழுக்க ஆட்கொண்டு, அவர் எதுவுமே செய்யவில்லை என்று சொல்லத்தக்க நிலையில்தான் விலக்கு. அந்தப் பொறுப்பைக் கடைசியில் ஏற்கவேண்டியிருந்தது அவருடைய வீட்டுக் காப்பீடு. கேட்கக் கொடூரமாகத் தோன்றும் இந்த விதிக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. குடும்பம் உறவு என்பதற்காக மாட்டிக்கொள்வதில்லை. நோயாளிக்குக் காப்பீடு இருந்தால் அது வேலை செய்கிறது. நோயாளி கையில் ஒன்றுமில்லாதவரானால், பாதிக்கப்பட்டவருக்கும் ஒன்றுமில்லை என்பது அதன் எல்லை. இந்த மரபிலும் ஒரு விலக்கு வளர்ந்திருக்கிறது. மறதிநோயாளியைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு வந்தவர், அந்த நோயின் இயல்பான விளைவால் காயப்பட்டால் வழக்குத் தொடுக்க முடியாது என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. அவருக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இந்தியாவில் உரிமையியல் தீங்குகளுக்கென்று தொகுத்த சட்டம் இல்லை. நம் நீதிமன்றங்கள் ஆங்கிலேய மரபையே பின்பற்றுகின்றன. குற்றவியலில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, மனநிலை பிறழ்ந்து செயலின் தன்மை அறியாதவருக்கு விலக்குத் தருகிறது. அந்த விலக்கு இழப்பீட்டு வழக்குக்குத் தானாக நீளாது. இது குடும்பங்கள் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். தண்டனை இல்லை என்றால் பணமும் கட்டவேண்டாம் என்று பொருளாகாது. அதேபோல அப்பாவின் செயலுக்காகப் பிள்ளை, பிள்ளை என்ற ஒரே காரணத்தால் பணம் கட்டவேண்டியதும் இல்லை. பிள்ளை தாமே கவனக்குறைவாக இருந்தார், உதாரணமாக ஓட்டக்கூடாத நிலையில் இருந்தவரிடம் கார் சாவியைத் தானே எடுத்துக் கொடுத்தார் என்றால் கதை வேறு.

மீண்டும் ஜப்பானுக்கு. தீர்ப்புக்குப் பின் முதலில் அசைந்தவை காப்பீட்டு நிறுவனங்கள். அங்கே வீட்டுக் காப்பீட்டோடோ கார் காப்பீட்டோடோ சிறு கட்டணத்தில் ‘தனிநபர் பொறுப்புக் காப்பீடு’ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. சைக்கிளில் போய் யாரையாவது இடித்துவிட்டால் உதவும். அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, தனியே வாழும் பிள்ளை கண்காணிப்பாளராக மாட்டிக்கொண்டால் அவர் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தார். இன்னொன்று, ஒருவர் காயப்பட்டாலோ பொருள் சேதமானாலோதான் பணம் கிடைக்கும். ரயில் நின்று தாமதமானால் கிடைக்காது. ஓபு குடும்பத்திடம் கேட்கப்பட்டதே பெரும்பாலும் தாமதத்தின் விலை. இரண்டு ஓட்டைகளையும் நிறுவனங்கள் அடைத்தன. கனகாவா மாகாணத்தின் யமாட்டோ நகராட்சி 2017இல் இத்தகைய காப்பீட்டை, காணாமல் போகும் அபாயமுள்ள மறதிநோயாளர்களுக்காகத் தானே கட்டணம் செலுத்தி எடுத்தது. மறு ஆண்டு ஓபு நகராட்சியும் எடுத்தது.

ஆனால் பொறுப்புக் காப்பீட்டின் அடிப்படையிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. காப்பீடு செய்தவர் சட்டப்படி பொறுப்பானால்தான் நிறுவனம் பணம் தரும். உச்ச நீதிமன்றம் குடும்பத்தை விடுவித்துவிட்டால், குடும்பத்தின் காப்பீடும் அசையாது. குடும்பத்துக்கு நல்ல தீர்ப்பு, பாதிக்கப்பட்டவருக்கு வெறுங்கை. கோபே நகரம் அவிழ்த்தது இந்த முடிச்சைத்தான்.

2019 ஏப்ரலில் தொடங்கிய கோபே திட்டத்தில் இரண்டு அடுக்குகள். முதல் அடுக்கில், மறதிநோய் என்று கண்டறியப்பட்டுப் பதிவுசெய்துகொண்டவர்களுக்காக நகரமே பொறுப்புக் காப்பீட்டுக் கட்டணத்தைக் கட்டுகிறது. உச்ச வரம்பு 20 கோடி யென். இரண்டாவதுதான் புதிது. மறதிநோய் உள்ளவரால் ஒருவர் காயப்பட்டாலோ உயிரிழந்தாலோ உடைமை சேதமானாலோ, யாருக்கும் சட்டப்பூர்வப் பொறுப்பு உண்டா இல்லையா என்று கேட்காமலே பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதல் தொகை கிடைக்கும். உயிரிழப்பானால் 3 கோடி யென் வரை. மனைவி கண்ணயர்ந்தாரா, சென்சார் ஓடியதா, மகன் மாதம் எத்தனை முறை வந்தார் என்பதெல்லாம் அந்தத் தொகைக்குத் தேவையற்ற கேள்விகள். செலவுக்காக, குடியிருப்போர் வரியில் ஆளுக்கு ஆண்டுக்கு 400 யென் கூட்டினார்கள். நோய் கண்டறியும் பரிசோதனையின் செலவும் அதிலிருந்தே. எல்லோருக்கும் முதுமை வரும், யாரால் யாருக்கு நட்டம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது, எனவே எல்லோரும் கொஞ்சம் கொடுத்துவைப்போம் என்ற இந்த ஏற்பாடு, மூன்று நீதிமன்றங்கள் ஆறு ஆண்டுகளில் எட்டமுடியாத இடத்தை எட்டியது என்பேன். அதைச் செய்தது நீதிமன்றம் அல்ல, ஒரு நகர மன்றம். நாடு முழுமைக்குமான பொது இழப்பீட்டுத் திட்டம் பற்றி மத்திய அரசு ஆலோசித்தது, ஆனால் அப்படி ஒன்று உருவாகவில்லை.

கோபே திட்டத்துக்கும் வரம்பு உண்டு. அடுத்த நகரத்தில் குடியிருப்பவருக்கு அது இல்லை. முதல் அடுக்கின் காப்பீட்டுக்கு நோயை ஒப்புக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். அந்த ஒப்புதலே பல குடும்பங்களுக்குக் கடினம். எல்லாவற்றையும்விடப் பெரியது, அது மறதிநோய்க்கு மட்டுமே ஆன திட்டம் என்பது. மனச்சிதைவு நோயுள்ள நாற்பது வயது மகனோடு வாழும் எழுபது வயதுப் பெற்றோர் அதற்குள் வரமாட்டார்கள். வயது வந்த மனநோயாளி ஒருவர் பிறரைக் காயப்படுத்திய வழக்கில், முறைப்படி எந்தப் பொறுப்பும் ஏற்றிராத வயதான பெற்றோரை ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 1983இலேயே விடுவித்திருக்கிறது. ஆனால் அதுவும் அந்தப் பெற்றோரின் இயலாமையைப் பார்த்து, அந்த வழக்கின் அளவில் தந்த விடுதலைதான். 2016இன் அளவுகோலோ மறதிநோய், மனநோய் என்று பிரித்துப் பார்ப்பதில்லை; இருவர் வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்கிறது. முதுமை எல்லோருக்கும் வரும் என்பதால் மறதிநோய்க்காக 400 யென் கொடுக்க ஒரு நகரத்தின் மக்கள் இசைந்தார்கள். மனச்சிதைவு தம் வீட்டுக்கு வரும் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் பெற்றோருக்காகவும் அவர்களுடைய மகனால் காயப்படக்கூடிய அண்டை வீட்டாருக்காகவும் இதேபோன்ற ஒரு நிதியை உருவாக்கச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. இசைவுதான் இன்னும் வரவில்லை.